ரசீது இருந்தால் போதுமா?

“ஆன செலவை ரசீதோடு காட்டுகிறேன். அதற்கு மேல் எனக்கு 12 சதவீதம் கொடுத்துவிடுங்கள்.” பழைய வீட்டைப் புதுப்பிக்க வரும் காண்ட்ராக்டர்கள் பலர் இப்படித்தான் பேசுகிறார்கள். சுவரை உடைத்துப் பார்த்தால்தான் உள்ளே எவ்வளவு வேலை இருக்கிறது என்று தெரியும். அதனால் சதுர அடிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசுவதைவிட இது இரு தரப்புக்கும் நியாயமான ஏற்பாடுதான். சிக்கல் பில் போடும்போது வரும்.

ஒரு வாரக் கணக்கைப் பார்ப்போம். ஜி.எஸ்.டி. சேர்க்காமல் சிமெண்ட், கம்பி 60,000 ரூபாய். கூலி 40,000. மொத்தம் ஒரு லட்சம். 12 சதவீதம் சேர்த்தால் 1,12,000. அதன் மேல் 18 சதவீத வரி 20,160. ஆக, நீங்கள் தர வேண்டியது 1,32,160 ரூபாய்.

அதே வாரத்துக்கு 1,46,433 ரூபாய்க்கும் பில் வரலாம், ஒரு ரசீதுகூடப் பொய்யில்லாமல்! கடை ரசீதில் வரியோடு இருக்கும் 70,800 ரூபாயையே செலவாக எடுத்து, அதன் மேல் 12 சதவீதம், அதற்கும் மேல் 18 சதவீத வரி என்று போட்டால் அந்தத் தொகைதான் வரும். ஜி.எஸ்.டி. பதிவு பெற்று உங்களிடம் 18 சதவீதம் வாங்குகிறவர், கடையில் கட்டிய வரியைப் பொதுவாகத் தன் வரிக்கணக்கில் கழித்துக்கொள்வார். அது அவருக்குச் செலவே இல்லை. பதிவு பெறாதவருக்கு அந்த வரி உண்மையான செலவு. ஆனால் அவர் உங்களிடம் தனியாக ஜி.எஸ்.டி. வாங்க முடியாது.

ரசீது, வாங்கியதற்குத்தான் சாட்சி. உங்கள் வீட்டில் பயன்பட்டதற்கு அல்ல. ஆயிரம் சதுர அடியில் 5 அங்குலத் தளம் போட்டால் கான்கிரீட் ஏறக்குறைய 12 கன மீட்டர் வரும். 1:1½:3 கலவையில் கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை என்றால் 96 மூட்டை சிமெண்ட். சேதாரத்துக்குக் கொஞ்சம் விடலாம். 130 மூட்டைக்கு ரசீது வந்தால் மீதி எங்கே என்று கேட்க வேண்டும். மிஞ்சிய டைல்ஸைக் கடையில் திருப்பிக் கொடுத்த பணமும், மொத்தமாக வாங்கியதற்குக் கடைக்காரர் பிறகு தந்த தள்ளுபடியும் பில்லில் கழிந்திருக்க வேண்டும். கூலிக்குக் கடை ரசீது கிடையாது. யார், எந்தெந்த நாள் வந்தார், எவ்வளவு வாங்கினார் என்று கையெழுத்தோடு இருக்கும் வருகைத் தாள்தான் ஆதாரம்.

இதையெல்லாம் சரிபார்த்தாலும் ஒரு ஓட்டை மிஞ்சும். செலவு கூடினால் அவர் லாபமும் கூடும். விலை பேசி வாங்க அவருக்கு என்ன அவசரம்? அமெரிக்க மத்திய அரசின் ஒப்பந்தங்களில், செலவின் மேல் சதவீதம் தரும் முறைக்குச் சட்டமே தடை போட்டிருக்கிறது. செலவோடு ஒரு நிலையான தொகையைக் கட்டணமாகத் தரலாம். நீங்களும் அப்படியே பேசுங்கள்: உத்தேசச் செலவு பத்து லட்சம் என்றால் அவர் பங்கு 1,20,000 ரூபாய், வேலையின் அளவு மாறாதவரை அது கூடாது. வரிக்கு முந்தைய விலையில்தான் கணக்கு என்பதையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.