நடுவில் நிற்பவர் எத்தனை பேர்?

நான்காம் படிவம் படிக்கும் என் அக்காள் மகன், தேர்வுக்கு முதல்நாள் இரவு கணக்கு ஒன்றைப் படம்பிடித்து அனுப்பியிருந்தான். "மாமா, எப்படிப் போட்டாலும் மைனஸ் இரண்டரை வருது!" என்று கீழே ஒரு வரி.

கணக்கு இதுதான். மாணவர்கள் 60 பேர். நடனத்தில் 28 பேர், நாடகத்தில் 26, பாட்டில் 24. நடனம், நாடகம் இரண்டிலும் 12 பேர்; நாடகம், பாட்டு இரண்டிலும் 10; நடனம், பாட்டு இரண்டிலும் 9. எதிலும் சேராதவர்கள் 8. மூன்றிலும் இருப்பவர் எத்தனை பேர்?

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு வட்டங்கள் மட்டும் சந்திக்கும் மூன்று இதழ்களிலும் 12, 10, 9 என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தான். சிக்கல் அங்கேதான். 'இரண்டிலும்' என்றால் மூன்றிலும் இருப்பவரும் அதில் அடக்கம். 'மட்டும்' என்ற சொல், அவன் தாளில் உள்ள மலாய்மொழியில் 'சஹாஜா', வந்தால்தான் இதழில் அப்படியே எழுதலாம். கணக்கில் பாதி மொழிப்பாடம்தான் போலும்!

நடுவிலிருந்து வெளியே வருவதே வசதி. நடுவில் x என்று வைத்தால் இதழ்களில் 12 − x, 10 − x, 9 − x. ஆனால் x தெரியாதே? அதற்குத்தான் சேர்த்தும் நீக்கியும் எண்ணும் முறை.

எதிலும் சேராத 8 பேரைக் கழித்தால் வட்டங்களுக்குள் 52 பேர். மூன்று வட்டங்களையும் கூட்டினால் 78. இரண்டில் மட்டும் இருப்பவரை இருமுறையும் மூன்றிலும் இருப்பவரை மும்முறையும் எண்ணிவிட்டோம். இரட்டைச் சேர்க்கைகளின் கூட்டுத்தொகை 31; அதைக் கழித்தால் 47. இரண்டில் மட்டும் இருப்பவர் இப்போது சரியாக ஒருமுறை எண்ணப்படுகிறார். மூன்றிலும் இருப்பவரோ மும்முறை சேர்க்கப்பட்டு மும்முறை நீக்கப்பட்டதால் கணக்கிலேயே இல்லாமல் போய்விட்டார். அவரைத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

78 − 31 + x = 52

ஆகவே x = 5. இதழ்களில் 7, 5, 4. நடனம் மட்டும் 28 − (5 + 7 + 4) = 12. இப்படியே நாடகம் மட்டும் 9, பாட்டு மட்டும் 10. ஏழு பகுதிகளையும் கூட்டினால் 52, வெளியே 8, மொத்தம் 60.

அவன் வழியில் போனால் நடனம் மட்டும் 7 − x, நாடகம் மட்டும் 4 − x, பாட்டு மட்டும் 5 − x. இவற்றோடு இதழ்களின் 31ஐயும் நடுவிலுள்ள xஐயும் கூட்டினால் 47 − 2x. அது 52 ஆக வேண்டுமென்றால் x = −2.5 தான். அரை ஆள், அதுவும் எதிர்க்குறியோடு! எண்கள் மட்டும் வேறாக இருந்திருந்தால், தப்பான வழியிலும் ஒரு முழு எண் வந்து பேசாமல் உட்கார்ந்திருக்கும்.