11 நைட் பார்த்தவர் யார்?

எம்.எஸ்சி. நர்சிங் மாணவி ஒருவர் தன் ஆய்வுக்கான கேள்வித்தாளை என்னிடம் கொண்டுவந்தார். நைட் டூட்டி பார்க்கும் வார்டு செவிலியர்கள் எப்படித் தூங்குகிறார்கள் என்பது தலைப்பு. எட்டு வார்டுகள், 64 செவிலியர்கள். ஊசி கிடையாது, மருந்து கிடையாது, ரத்தம் எடுப்பதும் கிடையாது. “பேரே கேட்கலை மேடம். எத்திக்ஸ் கமிட்டியில இதுக்கு என்ன கேட்கப்போறாங்க?” என்றார்.

முதல் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். வயது, பாலினம், படிப்பு, வார்டு, அனுபவம், குழந்தைகள் எத்தனை, சென்ற மாதம் எத்தனை நைட். பெயர் இல்லைதான். ஆனால் தீக்காய வார்டில் இருப்பவர்களே ஐந்து பேர். அதில் ஆண் ஒருவர். அவரைக் கண்டுபிடிக்க இரண்டு டிக் போதும். மற்ற நால்வரைக் கடைசிக் கேள்வி காட்டிக்கொடுத்துவிடும். ரோஸ்டர் போடுவது இன்சார்ஜ் சிஸ்டர். சென்ற மாதம் 11 நைட் பார்த்தது யார் என்று கேட்டால், அவர் ரோஸ்டரைப் புரட்டாமலே சொல்லிவிடுவார். அடுத்த பக்கத்தில், “நைட் டூட்டியில் உட்கார்ந்தபடியே கண் அயர்ந்ததுண்டா?” என்று ஒரு கேள்வி. 11 நைட் பார்த்தவர் அதில் ‘ஆம்’ என்று எழுதியிருந்தால்?

இப்படிப்பட்ட சின்ன ஆய்வுகளில் ஆபத்து உடம்புக்கு வருவதில்லை, வேலைக்கு வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. மேலதிகாரிக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் ‘வேண்டாம்’ என்று சொல்வது கடினம் என்பதால், அவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்கின்றன. எனவே ‘வெறும் சர்வே’ என்று நாமே தீர்மானித்துக் குழுவுக்கு அனுப்பாமல் இருக்க முடியாது. விலக்கு தரலாமா, ஓரிரு உறுப்பினர்கள் பார்த்தால் போதுமா, முழுக் குழுவும் கூட வேண்டுமா என்பதைக் குழுதான் சொல்ல வேண்டும். அந்தக் கடிதம் கைக்கு வரும்முன் ஒரு தாள்கூட வார்டுக்குள் போகக் கூடாது. ‘சும்மா பத்துப் பேரிடம் கொடுத்துப் பார்த்தேன்’ என்பதும் ஆய்வில் சேர்த்திதான். முடித்துவிட்டு வந்து கேட்டால் பின்தேதியிட்டு அனுமதி தரமாட்டார்கள்.

விண்ணப்பத்தில் ‘பங்கேற்பாளருக்கு என்ன ஆபத்து?’ என்று ஓர் இடம் இருக்கும். பெரும்பாலோர் ‘ஏதுமில்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். குழு முதலில் சந்தேகப்படுவது அந்த ஒரு சொல்லைத்தான். மாணவி அதை அடித்துவிட்டு, ‘பதில் எழுதியவர் யார் என்று உடன் வேலை பார்ப்பவர்கள் ஊகிக்க வாய்ப்புண்டு’ என்று எழுதினார். அதைக் குறைக்க என்ன செய்யப்போகிறோம் என்பதையும் எழுத வேண்டுமல்லவா? அப்போதுதான் கேள்வித்தாள் மாறத் தொடங்கியது. வயதை 30-க்குக் கீழ், 30 முதல் 40, 40-க்கு மேல் என்று மூன்றாகப் பிரித்தோம். எட்டு வார்டின் பெயர்களும் போய், ‘ஐசியூ’, ‘மற்ற வார்டு’ என்று இரண்டே கட்டங்கள் வந்தன. நைட் எண்ணிக்கை, ‘ஏழு வரை’, ‘ஏழுக்கு மேல்’ என்றானது. குழந்தைகளின் எண்ணிக்கைக்குப் பதிலாக, வீட்டில் கைக்குழந்தை உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டோம். தூக்கத்தைக் கெடுப்பது அதுதானே. படிப்பு பற்றிய கேள்வி எதற்கு என்று கேட்டதும் அவரே எடுத்துவிட்டார். ஆண்கள் மொத்தமே மூன்று பேர் என்பதால் பாலினமும் போனது. ஆய்வேட்டில் எந்தக் கட்டத்தில் ஐந்து பேருக்குக் குறைவாக விழுந்தாலும் அதைத் தனியாகக் காட்டுவதில்லை என்றும் எழுதிக்கொடுத்தார்.

ஒரு கேள்வி எங்களை வெகுநேரம் உட்கார வைத்தது: “தூக்கக் கலக்கத்தில் மருந்து மாற்றிக் கொடுத்ததுண்டா?” ஆய்வுக்கு ஆசையான கேள்வி. ஆனால் ஒருவர் ‘ஆம்’ என்று எழுதினால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வோம்? நோயாளிக்கு நடந்ததை மறைப்பதா, நம்பி எழுதியவரைக் காட்டிக்கொடுப்பதா? இரண்டுக்கும் பதில் இல்லாமல் கேட்கக் கூடாது என்று எடுத்துவிட்டோம். தூக்கத்தைப் பற்றிய ஆய்வு அந்தக் கேள்வி இல்லாமலும் நிற்கும்.

அடுத்தது, தாளை யார் கையில் கொடுப்பது? “சூப்பரிண்டெண்டென்ட் மேடம் கொடுத்துட்டா எல்லாரும் போட்டுருவாங்க” என்றார் மாணவி. உண்மை. அதனால்தான் அவர் கொடுக்கக் கூடாது. வார்டுக்குள் நுழைய அவருடைய அனுமதிக் கடிதம் வேண்டும். அது விண்ணப்பத்தோடு போகும். ஆனால் அது வாசலைத் திறக்கும் அனுமதி மட்டுமே, செவிலியரின் சம்மதம் ஆகாது. கடைசியில் மாணவியே ஹேண்டோவர் முடிந்த பிறகு போய், எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கவரில் தாளைக் கொடுப்பது என்று முடிவாயிற்று. விருப்பமில்லாதவர்கள் வெற்றுத் தாளை அப்படியே கவரில் ஒட்டிப் போடலாம். பெட்டி, இன்சார்ஜ் மேசையில் இல்லாமல், செவிலியர்கள் உடை மாற்றும் அறையில் இருக்கும். யார் எழுதினார், யார் எழுதவில்லை என்பது பெட்டி அருகே நிற்பவருக்கும் தெரியாது.

கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் இங்கே ஒரு சிக்கல். பெயரே இல்லாத ஆய்வில் பெயர் பதிகிற ஒரே தாள் அதுதான். அதைக் கேள்வித்தாளோடு பின் அடித்து வாங்கினால் செய்ததெல்லாம் வீண். கையெழுத்துக்கு விலக்கு கேட்டு, காரணத்தைக் குழுவுக்கு எழுதலாம். நிரப்பிப் போடுவதே சம்மதம் என்று தகவல் தாளில் சொல்லிவிடலாம். விலக்கு தராவிட்டால், படிவத்தைத் தனிக் கவரில் வாங்கித் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும். கூகுள் ஃபார்ம் வைப்பவர்களும் கவனிக்க வேண்டும்: மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்கும் அமைப்பு அணைந்திருக்கிறதா என்று பார்க்காமல் ‘பெயர் கேட்கவில்லை’ என்று எழுதக் கூடாது.

தகவல் தாளை அவர் முதலில் எழுதி வந்த தமிழ் இது: “இவ்வாய்வில் பங்கேற்பதால் தங்களுக்கு எவ்விதப் பாதிப்பும் ஏற்படாது என உறுதியளிக்கப்படுகிறது. தாங்கள் எந்நேரமும் விலகிக்கொள்ளலாம்.” இரண்டு வாக்கியமுமே உண்மையில்லை. பெட்டியில் விழுந்த பிறகு யாருடைய தாள் எது என்று நமக்கே தெரியாதபோது எப்படி எடுத்துத் தருவது? நாலு முறை எழுதி அழித்த பிறகு தாள் இப்படி வந்தது:

“நான் எம்.எஸ்சி. நர்சிங் மாணவி. நைட் டூட்டி பார்ப்பவர்களின் தூக்கம் பற்றி என் படிப்புக்காக ஆய்வு செய்கிறேன். நிரப்ப 15 நிமிடம் ஆகும். பிடிக்காத கேள்வியை விட்டுவிடலாம். எழுதவே விருப்பமில்லை என்றால் வெற்றுத் தாளைக் கவரில் போடுங்கள், யாருக்கும் தெரியாது. பெட்டியில் போடும்வரை மனம் மாறலாம். போட்ட பிறகு உங்கள் தாளைத் தேடி எடுக்க முடியாது. இதனால் உங்களுக்கு நேரடி நன்மை இல்லை. ரோஸ்டர் மாறும் என்றும் என்னால் சொல்ல முடியாது. தாள்களை நானும் என் வழிகாட்டியும் மட்டுமே பார்ப்போம்.”

கீழே அவருடைய எண், என் எண், எங்கள்மீதே புகார் சொல்ல வேண்டுமானால் குழுவின் உறுப்பினர் செயலரைத் தொடர்புகொள்ளும் விவரம்.

குழுவில் மருத்துவம் சாராத பொது உறுப்பினர் ஒருவர் இருப்பார். தமிழ்த் தாளை ஒரு சாதாரண மனிதராகப் படித்துப் பார்ப்பது பெரும்பாலும் அவர்தான். அன்று அவர் கேட்டது ஒன்றே: “டூட்டி நேரத்தில் எழுதினால் அந்த 15 நிமிடம் நோயாளியை யார் பார்ப்பது? டூட்டி முடிந்து எழுதினால் பஸ் போய்விடாதா?” எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை. ‘தாளை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்; பெட்டி ஒரு வாரம் இருக்கும்’ என்று ஒரு வரி சேர்த்தபின் அனுமதிக் கடிதம் வந்தது.