இரண்டு கோடுகள் சந்திக்கும் இடம்

2008 அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை. வங்கிகள் ஒன்றுக்கொன்று ஓர் இரவுக்கு மட்டும் கடன் கொடுத்துக்கொள்ளும் மும்பைச் சந்தையில் அன்று வட்டி ஏறக்குறைய 20 விழுக்காட்டை எட்டியது. ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டியோ 9 விழுக்காடுதான். லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பங்குகளை விற்று டாலராக மாற்றிக்கொண்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். ரூபாய் சரியாமல் இருக்க ரிசர்வ் வங்கி டாலரை விற்றது. விற்ற டாலருக்கு விலையாக ரூபாய் அதன் கஜானாவுக்குள் வந்து சேர்ந்தது. அந்த அளவுக்கு வங்கிகளின் கையிலிருந்த பணம் வற்றியது. யாரும் பணத்தைக் குறைக்கத் திட்டமிடவில்லை, ஆனாலும் பணம் குறைந்துவிட்டது.

அதன்பின் நடந்தது நேர்மாறான வேலை. வங்கிகள் தங்கள் வைப்புத்தொகையில் ரிசர்வ் வங்கியிடம் கட்டாயமாக ஒதுக்கிவைக்கும் ரொக்க இருப்பு விகிதம் 9 விழுக்காட்டிலிருந்து 2009 ஜனவரிக்குள் 5 ஆக இறங்கியது. ரெப்போ வட்டி 2009 ஏப்ரலில் 4.75 ஆனது. ரொக்க இருப்பைக் குறைத்ததால் மட்டும் சுமார் 1,60,000 கோடி ரூபாய் வங்கிகளிடம் திரும்பியது. சரி, வங்கியின் கணக்கில் பணம் கூடினால் ஓசூரிலோ புனேயிலோ ஓர் ஆலையில் கூடுதலாக ஒரு வண்டி எப்படி உருவாகும்? இந்தக் கேள்விக்குப் பொருளியல் மாணவர்கள் இன்றும் வரைந்து காட்டுவது 1937இல் ஜான் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேயர் வரைந்த படத்தைத்தான். கீன்ஸ் முந்தைய ஆண்டு எழுதிய கனமான நூலை ஒரே பக்கத்துக்குள் அடக்க முயன்ற படம் அது.

படத்தின் கிடை அச்சில் நாட்டின் உற்பத்தி, செங்குத்து அச்சில் வட்டி. அதில் இரண்டு கோடுகள். முதலாவது பொருட்சந்தைக்கு உரியது, பாடநூல்களில் ஐ.எஸ். கோடு என்பார்கள். உற்பத்தியானது அத்தனையும் விற்றுப்போகிற நிலைகளை இணைக்கும் கோடு இது. வட்டி குறைந்தால் தொழில் நடத்துபவர்கள் கடன் வாங்கி இயந்திரம் வாங்குவார்கள், கட்டடம் எழுப்புவார்கள். ஆகவே குறைந்த வட்டியில் கூடுதல் உற்பத்தி விற்றுப்போகும். கோடு இடமிருந்து வலமாகக் கீழிறங்கும்.

இரண்டாவது பணச்சந்தைக்கு உரிய எல்.எம். கோடு. நாட்டில் புழங்கும் பணம் இவ்வளவுதான் என்று வைத்துக்கொள்வோம். உற்பத்தி பெருகினால் கூலி, சரக்கு, வாடகை என்று கொடுக்கல் வாங்கலுக்கு அதிகப் பணம் வேண்டும். பணமோ கூடவில்லை. அப்போது சும்மா பணத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் அதை விட்டுக்கொடுத்தால்தான் வேலை நடக்கும். அவர்கள் விட்டுக்கொடுக்க வட்டி ஏறியாக வேண்டும். ஆகவே இந்தக் கோடு மேலேறும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் மட்டுமே இரு சந்தைகளும் ஒரே நேரத்தில் அமைதியாக இருக்கும்.

கோடுகளை எண்ணாக்கிப் பார்த்தால்தான் இதன் சுவை தெரியும். ஒரு கற்பனை நாடு. மக்கள் எப்படியும் 20 ரூபாய் செலவழிப்பார்கள். அதற்குமேல் வருமானத்தின் ஒவ்வொரு ரூபாயிலும் 75 காசு செலவழிப்பார்கள். அரசின் செலவு 50. வட்டியே இல்லையென்றால் முதலீடு 80. வட்டி ஒவ்வொரு விழுக்காடு ஏறும்போதும் அதில் 5 குறையும். பணத்தின் பக்கம் பார்த்தால், ஒரு ரூபாய் உற்பத்திக்கு 50 காசு கையிருப்பு தேவை. வட்டி ஒரு விழுக்காடு ஏறினால் கையில் வைத்திருக்கும் ஆசை 10 ரூபாய் குறையும். நாட்டில் இருக்கும் பணம் 100.

இந்த நாட்டில் வட்டி 10, உற்பத்தி 400 என்ற இடத்தில் கோடுகள் சந்திக்கும். சரிபார்ப்பது எளிது. 400 வருமானத்தில் மக்கள் செலவு 320, முதலீடு 30, அரசு 50, கூட்டினால் 400. பணத்தின் தேவை 200, வட்டிக்காக விட்டுக்கொடுத்தது 100, மீதி 100. இருப்பதும் அதுவே.

இப்போது மத்திய வங்கி பணத்தை 120 ஆக்குகிறது. சந்தையில் கடன் பத்திரங்களை வாங்கி, அதற்குப் புதுப் பணம் கொடுக்கிறது. பத்து விழுக்காடு வட்டியில் மக்கள் வைத்திருக்க விரும்பியது 100தான்; இப்போது கையில் 120. மிஞ்சிய பணத்தைக் கொண்டு அவர்களும் பத்திரம் வாங்கப் போகிறார்கள், பத்திரத்தின் விலை ஏறுகிறது. ஆண்டுக்கு 10 ரூபாய் தரும் பத்திரம் 100 ரூபாய்க்கு விற்றபோது வட்டி 10 விழுக்காடு. அதே பத்திரம் 125க்கு ஏறினால் வாங்குபவருக்குக் கிடைப்பது 8 விழுக்காடுதான். பத்திர விலை ஏறுவதும் வட்டி இறங்குவதும் ஒரே நிகழ்ச்சி. நம் நாட்டில் வட்டி சரியாக 8இல் நிற்கும், ஏனென்றால் உற்பத்தி இன்னும் 400ஐ விட்டு அசையவில்லை. பத்திரச் சந்தை சில மணி நேரத்தில் நகரும். ஆலை நகர மாதங்கள் ஆகும்.

எட்டு விழுக்காட்டில் முதலீடு 30இலிருந்து 40 ஆகிறது. உற்பத்தி 400, கேட்பவர்கள் 410. கிடங்கில் சரக்கு குறைகிறது, ஆலைகள் கூடுதலாக ஆளெடுக்கின்றன. அந்தக் கூலி மறுபடி கடைக்கு வருகிறது, அங்கிருந்து மறுபடி ஆலைக்கு. வட்டி 8இலேயே நின்றிருந்தால் உற்பத்தி 440 வரை போயிருக்கும். ஆனால் நிற்காது. உற்பத்தி ஏற ஏறக் கொடுக்கல் வாங்கலுக்குப் பணம் தேவைப்படுகிறது. வட்டி 8இலிருந்து மெல்ல மேலேறுகிறது. முதலீட்டில் ஒரு பகுதி பின்வாங்குகிறது. முடிவில் வட்டி 9, உற்பத்தி 420. முதலீடு 5 கூடியதற்கு உற்பத்தி 20 கூடியிருக்கிறது.

வட்டி இறங்கிப் பின் பாதி ஏறியதைப் பார்த்து, பணம் விட்டது வீண் என்று சொல்பவர்கள் எப்போதும் உண்டு. இந்தக் கணக்கில் அந்த ஏற்றம்தான் ஆலைகள் ஓடத் தொடங்கியதற்கான தடயம். வட்டி 8இலேயே படுத்துக்கிடந்தால் அல்லவா கவலைப்பட வேண்டும்!

அப்படியும் நடக்கும். இதே நாட்டில் தொழிலதிபர்கள் பயந்துபோய், வட்டி ஒரு விழுக்காடு இறங்கினால் 5க்குப் பதில் ஒரு ரூபாய் மட்டும் கூடுதலாக முதலீடு செய்கிறார்கள் என்று வையுங்கள். தொடக்கப் புள்ளி அதே 10, அதே 400. அதே 20 ரூபாய்ப் புதுப் பணம். இப்போது வட்டி 8.3 வரை இறங்கியும் உற்பத்தி 407ஐத் தாண்டாது. பொருட்சந்தைக் கோடு செங்குத்தாக நின்றால் பணம் வட்டியைத் தள்ளும், ஆலையைத் தள்ளாது. வட்டி எவ்வளவு விழுந்தது என்பதை வைத்து ஒரு கொள்கையின் வெற்றியை அளப்பது அதனால் ஆபத்தானது.

மறுபடி 2008க்கு வருவோம். டாலர் விற்பனை பணச்சந்தைக் கோட்டை இடப்பக்கம் இழுத்திருந்தது. ரொக்க இருப்பைக் குறைத்த முதல் நடவடிக்கைகள் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தன, பின்னால் வந்தவை வலப்பக்கம் தள்ளின. ஓரிரவு வட்டி ரிசர்வ் வங்கி வகுத்த வரம்புக்குள் இறங்கியது. பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் வட்டி அந்த ஆண்டின் இறுதியை ஒட்டி 5.5 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. ஆனால் இது முழுக்கப் புதுப் பணத்தின் வேலை அல்ல. ஏற்றுமதி சரிந்ததால் பொருட்சந்தைக் கோடும் இடப்பக்கம் நகர்ந்திருந்தது, அதுவும் வட்டியைக் கீழே இழுக்கும். வட்டி விழுந்ததை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. உற்பத்தி எந்தப் பக்கம் போனது என்று பார்த்தால்தான் பிடிபடும்: வட்டி இறங்கி உற்பத்தி ஏறினால் பணம் பேசுகிறது, இரண்டும் சேர்ந்து இறங்கினால் பொருட்சந்தை நொடிக்கிறது.

அடுத்து, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மத்திய அரசு வரியைக் குறைத்தும் செலவைக் கூட்டியும் அறிவிப்புகளை வெளியிட்டது. பொருட்சந்தைக் கோடு வலப்பக்கம் திரும்பியது. அரசு சந்தையில் வாங்கப்போகும் கடனின் அளவு தெரிந்ததும் பத்திர வட்டி 2009 மார்ச்சில் 7 விழுக்காட்டை ஒட்டி ஏறியது. ரெப்போ இறங்கிக்கொண்டிருக்கும்போதே பத்திர வட்டி ஏறியது பலருக்குப் புதிராக இருந்தது. இரு கோடுகளையும் ஒரே தாளில் வைத்துப் பார்ப்பவருக்கு அதில் புதிர் இல்லை.

வங்கிகள் வாடிக்கையாளரிடம் வாங்கும் வட்டி மட்டும் மிக மெதுவாக இறங்கியது. நல்ல காலத்தில் கூடுதல் வட்டிக்கு வாங்கிய நீண்ட கால வைப்புகளுக்கு வங்கிகள் அதே வட்டியைத் தொடர்ந்து கொடுக்க வேண்டியிருந்தது. அஞ்சலகச் சேமிப்புக்கு அரசே 8 விழுக்காட்டை ஒட்டி வட்டி கொடுத்துக்கொண்டிருக்கும்போது வைப்பு வட்டியை அதற்கு மிகவும் கீழே இறக்கினால் வாடிக்கையாளர் தபால் நிலையத்துக்குப் போய்விடுவார். மிஞ்சிய பணத்தை வங்கிகள் 3.25 விழுக்காட்டுக்கு ரிசர்வ் வங்கியிடமே திரும்ப ஒப்படைத்தன. 2009இல் பல நாள்களில் அந்தத் தொகை ஒரு லட்சம் கோடியைத் தாண்டியது. படத்தில் பணம் என்று ஒன்றும் வட்டி என்று ஒன்றும் மட்டுமே உண்டு. வங்கியின் தயக்கத்துக்கு அதில் இடமில்லை. ஹிக்ஸே முதிய வயதில் தன் படத்தின்மீது ஐயம் எழுப்பி ஒரு கட்டுரை எழுதினார்.

இன்னொன்றும் படத்துக்கு வெளியே நிற்கிறது: விலைவாசி. 120 ரூபாய்ப் பணம் 120 ரூபாய்ச் சரக்கை வாங்கும் என்ற அனுமானத்தில்தான் மேலே சொன்ன கணக்கெல்லாம் ஓடியது. சும்மா கிடக்கும் ஆலையும் ஆளும் இருக்கும்வரை அது ஓரளவு பொருந்தும். இந்தியாவில் 2009-10இல் வளர்ச்சி மீண்டது. பருவமழை பொய்த்ததும் சேர்ந்து உணவு விலையும், பிறகு மற்ற விலைகளும் ஏறின. 2010 மார்ச் தொடங்கி 2011 அக்டோபர் வரை ரிசர்வ் வங்கி ரெப்போவைப் பதின்மூன்று முறை உயர்த்தி 8.5 விழுக்காட்டுக்குக் கொண்டுபோனது. நம் கற்பனை நாட்டில் மத்திய வங்கி அவ்வளவு பாடுபட வேண்டியதே இல்லை. அங்கே விலைகள் ஐந்தில் ஒரு பங்கு ஏறினால் 120 ரூபாயின் வாங்கும் சக்தி பழைய 100க்கு வந்துவிடும். பணச்சந்தைக் கோடு தானாகவே பின்னுக்கு நகர்ந்து, வட்டி 10இலும் உற்பத்தி 400இலும் போய் நிற்கும்.