பழைய சொந்தக்காரரைக் கேட்கும் போன்

திருப்பூரில் ஒரு பேரம் என்று வைத்துக்கொள்வோம். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞர், தெரிந்தவருக்குத் தெரிந்த ஒரு பெரியவரிடம் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றை 6,500 ரூபாய்க்கு வாங்குகிறார். கண்ணாடியில் கீறல் இல்லை, கேமரா நன்றாக இருக்கிறது, பேட்டரியும் பரவாயில்லை. "எல்லாத்தையும் அழிச்சு, புதுசு மாதிரி ஆக்கிட்டேன் தம்பி" என்று சொல்லித்தான் பெரியவர் கொடுக்கிறார். அறைக்கு வந்து வைஃபையில் இணைத்ததும் வெள்ளைத் திரையில் ஒரு வாசகம் வருகிறது: This device was reset. To continue, sign in with a Google Account that was previously synced on this device. இந்தப் போனில் முன்பு இருந்த கூகுள் கணக்கைப் போட்டால்தான் மேற்கொண்டு போகலாம் என்று பொருள். 'Skip' பொத்தானைத் தேடினால் அதைக் காணவில்லை. தன் ஜிமெயிலைப் போட்டுப் பார்த்தாலும் போன் ஏற்க மறுக்கிறது.

மாதிரிக்குச் சொன்ன கதைதான் இது. ஆனால் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் யாருக்கும் பழகிய கதை. இதில் பெரியவர் பொய் சொல்லவில்லை என்பதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். உண்மையாகவே அவர் எல்லாவற்றையும் அழித்திருக்கிறார். ஆனால் அழித்த வழி வேறு.

புதுப் போன் வாங்கியபின் பழையதை மேசை அறையில் போட்டு வைத்திருந்தார். பல மாதம் கழித்து எடுத்தபோது பூட்டின் பேட்டர்ன் மறந்துவிட்டது. பக்கத்துக் கடைப் பையன் போனை அணைத்து, பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தி, ரெக்கவரி என்ற கறுப்புத் திரைக்குப் போய், Wipe data/factory reset என்ற வரியைத் தேர்ந்தெடுத்தான். படங்கள், செய்திகள், செயலிகள் எல்லாம் போய்விட்டன. மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று.

போனின் நினைவகம் பல தடுப்புகளாகப் பிரிக்கப்பட்ட ஒரு கிடங்கு போன்றது. நம் படங்களும் செய்திகளும் இருப்பது பெரிய தடுப்பில். அதிலிருந்து விலகிய ஒரு சின்னத் தடுப்பில், இந்தப் போனின் சொந்தக்காரர் எந்த கூகுள் கணக்கு, திரைப்பூட்டு எது என்று சரிபார்ப்பதற்கான குறிப்பு இருக்கும். பட்டனை அழுத்திச் செய்யும் ரீசெட் பெரிய தடுப்பைத்தான் துடைக்கும், சின்னத் தடுப்பைத் தொடாது. தொடாதபடிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். ஏனென்றால், பேட்டர்ன் தெரியாமல் பட்டனை அழுத்தி ரீசெட் செய்கிறவர் மறதிக்காரராகவும் இருக்கலாம், திருடனாகவும் இருக்கலாம். போனுக்கு இருவரும் ஒன்றுதான்.

அதே வேலையை Settings வழியாகச் செய்தால் கதை மாறும். அங்கே ரீசெட் கொடுப்பதற்கு முன் போன் பேட்டர்னையோ பின் எண்ணையோ கேட்கும். சரியாகப் போட்டால், சொந்தக்காரர்தான் விரும்பி அழிக்கிறார் என்று எடுத்துக்கொண்டு சின்னத் தடுப்பிலுள்ள குறிப்பையும் நீக்கிவிடும். ஆக, இந்தச் சிக்கலில் நல்ல எண்ணத்தோடு மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் ரெக்கவரி வழியாகப் போனவர்களே.

இந்தப் பூட்டு போன் திருட்டுக்கு எதிராக வந்தது. ஐபோனில் 2013இல் ஐஓஎஸ் 7 உடன் 'ஆக்டிவேஷன் லாக்' என்ற பெயரில் வந்தது. ஆண்ட்ராய்டில் 2015இல் 5.1 பதிப்போடு 'ஃபேக்டரி ரீசெட் புரொடெக்ஷன்' வந்தது. கடைக்காரர்கள் சுருக்கமாக 'எஃப்.ஆர்.பி. லாக்' என்பார்கள். அதே ஆண்டு ஜூலை 1 முதல் கலிஃபோர்னியாவில் விற்கும் போன்களில் இத்தகைய பூட்டு இருக்கவேண்டும் என்று சட்டமே வந்தது. ஐபோன் பூட்டு வந்த ஓராண்டில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஐபோன் திருட்டு 40 சதவீதம் குறைந்ததாக அங்குள்ள அதிகாரிகள் சொன்னார்கள். பழைய போன் வாங்குகிறவருக்குத் தொல்லை என்றாலும், இந்தப் பூட்டு இல்லாத காலத்துக்குத் திரும்பலாம் என்று யாரும் சொல்லமுடியாது.

இப்போது திருப்பூர் இளைஞருக்கு வருவோம். பெரியவருக்கு போன் போட்டு மெயில் கேட்கிறார். "எனக்கு ஏது தம்பி மெயிலு?" என்கிறார் அவர். இதுவும் உண்மைதான். போன் வாங்கிய அன்று கடைக்காரரே ஒரு ஜிமெயில் திறந்து, வாய்க்கு வந்த பாஸ்வேர்டைப் போட்டு, பிளே ஸ்டோர் வேலை செய்யும்படி கொடுத்திருப்பார். நம் ஊரில் எத்தனையோ பேருடைய மெயில் பிறந்தது இப்படித்தான்.

ஐபோன் தன் பூட்டுத் திரையில் மெயிலின் முதல் எழுத்தையாவது காட்டும், மற்றதைப் புள்ளிகளால் மறைத்திருக்கும். ஆண்ட்ராய்டு அந்தத் துப்பைத் தருவதில்லை. ஆகவே மெயிலைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை. பெரியவரின் இப்போதைய போனில் பிளே ஸ்டோரைத் திறந்து மேல் மூலையில் உள்ள வட்டத்தைத் தொட்டால் அதிலுள்ள கணக்கு தெரியும். பழைய போனிலிருந்து புதியதுக்கு எல்லாவற்றையும் மாற்றித் தந்திருந்தால், பெரும்பாலும் அதே கணக்காகத்தான் இருக்கும். அது இல்லையென்றால் கூகுள் நுழைவுப் பக்கத்தில் Forgot email? என்பதை அழுத்தி, கணக்கோடு இணைத்த செல்போன் எண்ணையும் பெயரையும் கொடுக்கலாம். அந்த எண்ணுக்கு ஓடிபி வரும், அதைப் போட்டால் மெயில் முகவரி தெரியும். பெயரைக் கடைக்காரர் எப்படித் தட்டினார் என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இனிஷியல் முன்னால் இருந்ததா பின்னால் இருந்ததா என்று நாலைந்து விதமாகப் போட்டுப் பார்க்கவேண்டி வரும். அந்த சிம் எப்போதோ போய்விட்டிருந்தால், இந்த வழி அநேகமாக அடைபட்டதுதான்.

நம் கதையில் அதே எண் இருக்கிறது, மெயிலும் கிடைத்துவிட்டது. பாஸ்வேர்ட் தெரியாததால் Forgot password? வழியாகப் புதிதாக ஒன்றை வைக்கிறார்கள். உடனே அதைப் பூட்டிய போனில் போட்டால் ஏற்காமல் போகலாம். பாஸ்வேர்ட் மாற்றிய பின் 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது கூகுள். திருடன் ஓடிபியைப் பறித்துப் பாஸ்வேர்டை மாற்றினாலும், உண்மையான சொந்தக்காரர் விழித்துக்கொள்ள ஒருநாள் அவகாசம் கிடைக்கட்டும் என்பதற்காக. இது தெரியாமல் அரைமணிக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள், ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள்.

பாஸ்வேர்டைப் பெரியவர் போனில் சொல்லி அனுப்பத் தேவையில்லை, அனுப்பவும் கூடாது. அவருடைய படங்களும் வங்கி மெயில்களும் அந்தக் கணக்கில்தான் இருக்கும். மறுநாள் நேரில் சந்தித்து, அவர் கையாலேயே போடவைப்பதுதான் இருவருக்கும் நல்லது.

ஐபோனில் இந்தச் சந்திப்புகூட வேண்டாம். ஆக்டிவேஷன் லாக்கின் குறிப்பு ஆப்பிளின் சர்வரில் இருக்கிறது. விற்றவர் தன் வீட்டிலிருந்தே iCloud.com/find பக்கத்தில் நுழைந்து, அந்த போனைத் தேர்ந்தெடுத்து, Remove This Device கொடுத்தால் போதும். வாங்கியவர் போனை அணைத்துப் போட்டால் பூட்டு போயிருக்கும். ஆண்ட்ராய்டில் இந்தத் தொலைவழியை நம்பமுடியாது. தன் கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்து போனை நீக்கிவிட்டதாக விற்றவர் சொன்னாலும், போனுக்குள் இருக்கும் குறிப்பு அப்படியே நிற்கும்.

விற்றவர் போனை எடுக்கவில்லை என்றால்? அல்லது அவரே இன்னொருவரிடம் வாங்கியவர், அந்த இன்னொருவர் யாரென்று தெரியாது என்றால்? முதலில் பார்க்கவேண்டியது, அது திருட்டு போனா என்பதை. போன் பெட்டியிலோ சிம் தட்டிலோ ஐஎம்இஐ எண் இருக்கலாம். திரை திறக்கும் போனில் *#06# அழுத்தினால் வரும். KYM என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு அந்த 15 இலக்க எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் பதிவேட்டிலிருந்து பதில் வரும். தடைசெய்யப்பட்டது என்று வந்தால் யாரோ தொலைத்துவிட்டுப் புகார் கொடுத்த போன் அது. பணம் போனால் போகிறது என்று காவல் நிலையத்தில் ஒப்படைப்பதுதான் வழி. திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி குற்றம்.

திருட்டில்லை, முதல் பில் கையில் இருக்கிறது என்றால் வழி உண்டு. ஆப்பிள், ஐஎம்இஐ அல்லது சீரியல் எண் உள்ள அசல் பில்லைக் காட்டினால் பரிசீலிக்கும். இரண்டாம் கையாக வாங்கியபோது எழுதிக்கொடுத்த துண்டுச்சீட்டு அங்கே செல்லாது. சில ஆண்ட்ராய்டு நிறுவனங்களின் சர்வீஸ் சென்டர்களிலும் அசல் பில்லோடு கேட்டுப் பார்க்கலாம்.

சில நூறு ரூபாய்க்குப் 'பைபாஸ்' செய்து தருகிறோம் என்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் சாவி செய்வதில்லை, அமைப்புத் திரையில் இருக்கும் ஓட்டையைத் தேடுகிறார்கள். பார்வையற்றோருக்கான டாக்பேக் வசதியை இயக்கி, அதன் உதவிப் பக்கம் வழியாக பிரவுசரைத் திறந்து உள்ளே நுழைந்த காலம் ஒன்று இருந்தது. பாதுகாப்பு அப்டேட்டுகள் அந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்துவருகின்றன. 2024இல் வந்த ஆண்ட்ராய்டு 15இல் அமைப்புத் திரையைத் தாண்டிவிட்டாலும் பூட்டு விலகுவதில்லை. புதுக் கணக்கைச் சேர்க்கவோ பின் எண் வைக்கவோ செயலி போடவோ விடாது. பணம் கொடுத்துத் திறந்த போன் பெயருக்குத்தான் திறந்திருக்கும்.

இன்னொரு பூட்டையும் இதோடு குழப்பிக்கொள்வதுண்டு. தவணை கட்டாததால் கடன் கொடுத்தவர் பூட்டிய போனில் தவணை பாக்கி என்ற அறிவிப்பு வரும், கம்பெனி கொடுத்த ஐபோனில் Remote Management என்று வரும். அவற்றுக்கு ஜிமெயில் தேடிப் பயனில்லை. கடன் கொடுத்தவரோ கம்பெனியோ விடுவிக்கவேண்டும்.

மறுநாள் மாலை பெரியவரும் இளைஞரும் பேக்கரி பெஞ்சில் உட்கார்கிறார்கள். பெரியவரின் ஹாட்ஸ்பாட்டில் பழைய போன் இணைகிறது. அவர் மெயிலையும் புதிய பாஸ்வேர்டையும் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறார். அவருடைய புதுப் போனில் "நீங்கள்தானா?" என்று கேள்வி வர, ஆம் என்கிறார். வெள்ளைத் திரை நகர்ந்து முகப்பு வருகிறது. இளைஞர் அங்கேயே நிறுத்தவில்லை. Settings-இல் Accounts பகுதிக்குப் போய் அந்த கூகுள் கணக்கை நீக்கச் சொல்கிறார். சாம்சங், ஷியோமி போன்களில் அந்த நிறுவனத்தின் கணக்கும் தனியாக இருந்து தனியாகப் பூட்டும் என்பதால் அதையும் பார்த்துக்கொள்கிறார். பிறகு Settings வழியாகவே இன்னொருமுறை ரீசெட். போன் மீண்டும் எழுந்து, மொழி கேட்டு, வைஃபை கேட்டு, கூகுள் கணக்குப் பக்கத்துக்கு வருகிறது. இந்தமுறை கீழ் மூலையில் Skip இருக்கிறது.