வயலில் ஒரு சீட்டு குறைந்தால்

உணவு வலைப் பாடத்தில் பெரும்பாலும் ஒரே விதமான கேள்விதான் கேட்கப்படுகிறது. புல் அழிந்தால் மான் என்னாகும், மான் அழிந்தால் புலி என்னாகும்? பட்டினி கிடக்கும் என்று பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். தின்பவர் போய்விட்டால் தின்னப்படுபவர் என்ன ஆவார் என்று கேட்டால்தான் தடுமாற்றம். ஓர் உயிரினத்தை எடுத்துவிட்டுப் பார்க்கும் சீட்டு விளையாட்டு இந்த இரண்டாவது கேள்விக்கே பயன்பட வேண்டும்.

நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த நெல்வயலையே எடுத்துக்கொள்வோம். எட்டுச் சீட்டுகள் போதும்: நெல், மட்கு, மட்கில் வளரும் கடிக்காத சிறு கொசுக்கள், புகையான், வெட்டுக்கிளி, சிலந்தி, தவளை, கொக்கு. தரையில் பரப்பி, அம்புக்குறிகளைச் சுண்ணக்கட்டியால் போடச் சொல்லுங்கள். நெல்லிலிருந்து புகையானுக்கு, புகையானிலிருந்து சிலந்திக்கு என அம்பு உணவிலிருந்து உண்பவரை நோக்கிப் போக வேண்டும். பலர் தலைகீழாகப் போடுவார்கள். அதை அங்கேயே திருத்திவிட வேண்டும், இல்லையென்றால் பின்னால் எல்லாம் குழம்பும்.

புகையான் சீட்டின் மேல் 4 புளியங்கொட்டை, சிலந்தியின் மேல் 3, தவளையின் மேல் 1 வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் புகையான் இரட்டிக்கும். பிறகு சிலந்தி, தவளைக் கொட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு புகையான் இரையாகும். சிலந்தியும் தவளையும் மெதுவாகப் பெருகுபவை என்பதால் அவற்றின் எண்ணிக்கையை ஆட்டத்தில் மாற்றுவதில்லை. சுற்று முடிவில் புகையான் 20ஐத் தாண்டியிருந்தால் பயிர் கருகிவிடும். நெல் சீட்டைக் கவிழ்க்க வேண்டும். ஒரு சுற்று முழுக்க உணவே கிடைக்காத உயிரினத்தின் சீட்டும் கவிழும்.

முதலில் எதையும் எடுக்காமல் ஆடுங்கள். 4 எட்டாகும், நான்கு இரையாகும், மறுபடி 4. எத்தனை சுற்று போனாலும் வயல் அப்படியே நிற்கும். இப்போது சிலந்தியை எடுத்துவிடுங்கள். மீதி இருப்பது ஒரு தவளைதான். புகையான் 7 ஆகும், அடுத்து 13, மூன்றாம் சுற்றில் 25. நெல் கவிழ்கிறது. அதோடு புகையானும் வெட்டுக்கிளியும், அவற்றைத் தின்ற தவளையும், கடைசியில் கொக்கும் கவிழும். இந்த விளையாட்டில் கொக்கு சிலந்தியைத் தின்பதே இல்லை. இரண்டுக்கும் இடையில் அம்புக்குறி கிடையாது. ஆனாலும் சிலந்தி போனதால் கொக்கு போகிறது. பிள்ளைகள் இங்கே நின்று யோசிக்க வேண்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

அடுத்து வெட்டுக்கிளியை எடுத்துப் பாருங்கள். தவளைக்குப் புகையான் இருக்கிறது, கொக்குக்குத் தவளை இருக்கிறது. யாரும் கவிழவில்லை. எந்த உயிரினம் போனாலும் எல்லாம் சரியும் என்று சொல்லிக்கொடுப்பது தவறு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடலோரப் பாறைகளில் ராபர்ட் பெய்ன் 1960களில் ஒரு வகை நட்சத்திர மீனை மட்டும் தொடர்ந்து அகற்றிவந்தார். அதற்கு இரையாகியிருந்த சிப்பிகள் பாறையை அடைத்துக்கொண்டு மற்றவற்றை வெளியேற்றின. அங்கிருந்த 15 இனங்கள் 8 ஆகக் குறைந்தன. இப்படி எண்ணிக்கைக்கு மீறிய செல்வாக்குள்ள இனங்கள் சிலவே. அவை எவை என்று கண்டுபிடிப்பதுதான் விளையாட்டின் சவால்.

ஒரு பூச்சிக்கொல்லிச் சீட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைப் போட்டால் சிலந்தி எல்லாம் சாகும், புகையான் பாதிதான் சாகும். புகையான் தன் முட்டைகளை இலையுறையின் திசுவுக்குள் இடுவதால் மருந்து அவற்றை எட்டுவதில்லை. கணக்கு இப்படிப் போகும்: 4 இரண்டாகும், பிறகு 3, 5, 9, 17, 33. முதல் சுற்றில் மருந்து வேலை செய்ததாகவே தோன்றும். ஐந்தாம் சுற்றில் வயல் கருகும். இந்தோனேசியாவில் நடந்தது இதுதான். அங்கே புகையான் பெருக்கெடுத்த பின், 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளை அரசு தடை செய்தது.

மட்குச் சீட்டை வீண் என்று நினைக்க வேண்டாம். நடவு முடிந்த புதிதில் வயலில் புகையான் இருக்காது. அப்போது மட்கில் வளரும் கொசுக்களைத் தின்றுதான் சிலந்திகள் பிழைத்திருக்கின்றன. ஜாவா வயல்களில் செய்த ஆய்வு 1996இல் இதை விளக்கியது. புகையான் இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்கி, மட்கை எடுத்துவிட்டால், புகையான் வரும்முன்பே சிலந்தி கவிழ்ந்துவிடும்.

இரட்டிப்பு, 20 என்ற எல்லை எல்லாம் விளையாட்டுக்காக வைத்துக்கொண்டவை. நிஜ வயலில் சிலந்திகள் ஒன்றையொன்று தின்னும், புகையான் வெளியிலிருந்து பறந்து வரும். இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு சீட்டை எடுப்பதற்கு முன்பும் எது கவிழும், எது பெருகும் என்று அவர்களை எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுதியதும் நடந்ததும் மாறுபடும் இடத்தில் பாடத்தைத் தொடங்குங்கள்.