12 வாரமா, 26 வாரமா?

ஒரு நிறுவனத்தின் ஆவணத் தொகுப்பில் மகப்பேறு விடுப்புக்கு இரண்டு விதிக் கோப்புகள் இருப்பதாகக் கொள்வோம். பழையது 12 வாரம் என்கிறது. 2017 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தத்தை ஒட்டிய புதியது 26 வாரம் என்கிறது. கேள்விக்குப் பொருந்தும் பத்திகளைத் தேடி எடுத்து, அவற்றை வைத்துப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவி இங்கே தடுமாறும். தேடல் பார்ப்பது சொற்பொருளின் நெருக்கத்தை மட்டுமே. இரு கோப்புகளின் வாசகமும் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே பழையது முதலில் வந்தாலும் வியப்பில்லை.

கோப்பின் தேதியை நம்புவது பலர் செய்யும் தவறு. பழைய சுற்றறிக்கையை நேற்று ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தால், கணினிக்கு அதுவே புதியது. விதி எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை செல்லும் என்பதை ஒவ்வொரு பத்தியோடும் தனியே பதிய வேண்டும்:

```
effective_from: 2017-04-01
effective_to: null
```

தேடலுக்கு முன்பே இந்தப் புலங்களால் வடிகட்டினால் காலாவதியான விதி பதிலுக்குள் நுழையாது. பழையதை அழித்துவிடவும் கூடாது: 2015இல் எடுத்த விடுப்பைப் பற்றிக் கேட்டால் அதுதான் சரியான விதி.

எல்லா முரணும் முரண் அல்ல. உயிருடன் உள்ள இரண்டு குழந்தைகள் இருப்பவருக்குத் திருத்தத்துக்குப் பின்னும் 12 வாரம்தான். ஆகவே நிபந்தனை வாக்கியத்தை எண்ணிலிருந்து பிரிக்காமல் ஒரே பத்தியாக வைக்க வேண்டும்.