ஐப்பசி முகூர்த்தத்துக்குச் சித்திரையிலேயே தட்டு

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை இருக்கிறது. கடைக்காரர் தரும் மெல்லிய கேரி பேக், தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, பந்தி மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அதன்பின் வீட்டிலேயே பை தைக்கவும் தட்டு அழுத்தவும் பலர் இறங்கினார்கள். காகிதப் பையும் துணிப்பையும் ஆண்டு முழுவதும் செய்யலாம், கைப்பழக்கம் வந்தால் போதும். பாக்குமட்டைத் தட்டு அப்படியல்ல. அதில் வெயிலும் மழையும் கல்யாண மாதங்களும் சேர்ந்து கணக்குப் போடுகின்றன. அந்தக் கணக்கு தெரியாமல் இயந்திரம் வாங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

வாழப்பாடி, ஆத்தூர், மேட்டுப்பாளையம் பக்கத்துப் பாக்குத் தோப்புகளில் மட்டை தானாகப் பழுத்து விழும். மரத்தை வெட்டவோ பறிக்கவோ தேவையில்லை. ஒரு மரம் ஆண்டுக்கு ஆறேழு மட்டைகள் உதிர்க்கும். ஆனால் மழைக்காலத்தில் விழும் மட்டை ஈரத் தரையில் கிடந்து கறுத்துவிடும். தட்டுக்கு ஏற்ற வெளிர் நிறத்தில், கறையில்லாமல் கிடைப்பது தை முதல் வைகாசி வரையிலான வறண்ட மாதங்களில்தான். அப்போதும் விழுந்த ஓரிரு நாளில் பொறுக்கி, வெயிலில் காயவைத்து, கட்டுகளாகக் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் அடுக்க வேண்டும்.

தேவை வரும் காலம் வேறு. ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் இல்லை, சமையல் காண்ட்ராக்டர்களிடமிருந்து ஆர்டரும் குறைவு. ஐப்பசியில் முகூர்த்தங்கள் நெருங்கி வரும். அதே மாதத்தில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. மட்டையும் கிடைக்காது, அழுத்திய தட்டும் காயாது. ஆகவே ஐப்பசி ஆர்டருக்கான மட்டையைச் சித்திரையிலேயே வாங்கி வைப்பதும், முடிந்தவரை தட்டாகவே ஆக்கிக் காயவைத்து வைப்பதும்தான் இந்தத் தொழிலின் அடிப்படை. முதலில் தேட வேண்டியது மழைச்சாரல் படாத, காற்றோட்டமுள்ள அறை. இயந்திரம் அதற்கு அடுத்தது.

தட்டு செய்யும் முறை எளிது. காய்ந்த மட்டையைச் சுத்தமான தண்ணீரில் பதினைந்து, இருபது நிமிடம் ஊறவைத்து, பிரஷால் இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவி, நீர் வடியச் சாய்த்து நிறுத்துவார்கள். பின்பு வழவழப்பான உட்புறம் மேலே வரும்படி சூடான அச்சில் வைத்து, ஏறக்குறைய ஒரு நிமிடம் அழுத்துவார்கள். அச்சின் சூடு நூறு டிகிரியை ஒட்டி இருக்கும். மட்டையில் இருக்கும் ஈரம் அந்தச் சூட்டில் நாரை இளக்குகிறது. ஈரம் ஆவியாக வெளியேறும்போது நார் அந்த வடிவத்திலேயே இறுகிவிடுகிறது. பசையோ ரசாயனமோ தேவைப்படாததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே தட்டின் தரம் முழுவதும் ஈரத்தில் இருக்கிறது. ஊறல் போதாவிட்டால் வளைவில் விரிசல் விடும். நீர் வடியாமல் வைத்தால் உள்ளே ஆவி அடைபட்டுத் தட்டு உப்பும் அல்லது அச்சைத் திறந்ததும் வளைந்து நிமிரும். சூடு மிஞ்சினால் விளிம்பில் பழுப்புக் கறை விழும். காலையில் நிறைய ஊறவைத்து, மின்தடையால் அழுத்த முடியாமல் போனால், மறுநாள் அந்த மட்டையில் வழவழப்பும் நாற்றமும் வந்துவிடும். அன்றைக்கு அழுத்த முடிகிற அளவுக்கு மட்டும், சிறு சிறு தொகுதியாக ஊறவைப்பது நல்லது.

அச்சிலிருந்து வந்த தட்டு கைக்குக் காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். ஒரு நாளாவது வெயிலில் பரப்பி, ஆறவைத்து, பிறகுதான் அடுக்கிக் கட்ட வேண்டும். சூடாக இருக்கும்போதே பாலித்தீனில் மூடினால் சில நாளில் பூஞ்சை படரும். அனுப்பும் முன் ஒரு கட்டின் நடுவிலிருந்து தட்டை உருவி மோந்து பாருங்கள். புழுக்கல் வாடை வந்தால் அந்தக் கட்டு பந்திக்கு ஆகாது. இன்னொன்றில் சூடான ரசம் ஊற்றி அரைமணி நேரம் வையுங்கள். அடியில் ஈரக் கசிவு தெரிந்தால் மட்டை மெல்லியது அல்லது மயிரிழை விரிசல் இருக்கிறது என்று பொருள்.

ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம். ஐப்பசிக் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு அங்குலத் தட்டு ஆயிரம் கேட்கிறார்கள். ஒரு மட்டையில் இந்த அளவுத் தட்டு ஒன்றுதான் வரும். மிஞ்சும் குறுகிய முனையில் சிறு கிண்ணம் ஒன்று எடுக்கலாம். கிழிசல், கறை, விரிசல் என்று கழியும் என்பதால் 1,150 மட்டையாவது வேண்டும். ஒரே அச்சுள்ள இயந்திரத்தில் இருவர் வேலை செய்தால் நாளுக்கு 350 தட்டு அழுத்தலாம் என்று வைத்துக்கொண்டாலும், இது மூன்று நாலு நாள் வேலை.

இப்போது செலவு. மட்டை, கூலி, மின்சாரம் எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்கு 1,500 ரூபாய் என்று கணக்குக்காக வைப்போம். அழுத்திய 350-இல் 340 தேறினால் ஒரு தட்டின் அடக்கவிலை 4 ரூபாய் 41 காசு. 280 தான் தேறினால் 5 ரூபாய் 36 காசு. இந்த வித்தியாசம் மட்டுமே தட்டுக்கு 95 காசு. விலை பேசும்போது காண்ட்ராக்டர்கள் அடித்துப் பேசுவதும் ஏறக்குறைய இந்த அளவில்தான். அழுத்திய எண்ணிக்கையைப் பார்க்காமல், தேறிய எண்ணிக்கையால் செலவை வகுத்துப் பாருங்கள். லாபம் எங்கே போகிறது என்று அப்போது தெரியும்.

மழை மாதங்களில் அச்சு ஓய்ந்திருக்கும் நாள்களைத்தான் பைகள் நிரப்புகின்றன. காடாத் துணியில் பை தைத்து ஜவுளிக்கடைக்குத் தரலாம். பேக்கரிக்குப் பழுப்புக் காகிதப் பை ஒட்டலாம். உணவைச் செய்தித்தாளில் பொதிவதற்கு உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை இருப்பதால், தின்பண்டப் பைக்குப் பழைய நாளிதழைத் தொடக் கூடாது. மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலக்கும் பழக்கமும் உண்டு. அது விஷம், உணவுப் பைக்கு அந்தப் பசை ஆகவே ஆகாது.

இயந்திரம் விற்பவர்கள் சிலர், “நீங்கள் செய்யும் தட்டையெல்லாம் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்” என்பார்கள். அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். ஏற்றுமதிக் கனவும் வேண்டாம். 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பாக்குமட்டைத் தட்டில் இயற்கையாக உள்ள ஆல்கலாய்டுகள் உணவில் கலக்கக்கூடும் என்று சொல்லி, அங்கே அதன் விற்பனையை நிறுத்த நடவடிக்கை எடுத்தது. வெளிச்சந்தை ஒரே அறிவிப்பில் மூடிவிடக்கூடியது என்பதற்கு இதுவே சான்று.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கிராமப்புறப் பெண்களுக்குத் திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். ஆனால் அங்கே போவதற்கு முன், உங்கள் ஊரைச் சுற்றியுள்ள நாலு சமையல் காண்ட்ராக்டர்களிடம் எந்த மாதம், எந்த அளவில், எத்தனை தட்டு வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வைகாசிக்குள் அந்த அளவு மட்டையை வாங்கி உலர்வாக வைக்க இடம் இருந்தால் மட்டும் இயந்திரத்துக்கு முன்பணம் கொடுங்கள்.